சுவரை நோக்கிப் பாதிப் பாதியாக நடந்தால்: முடிவில்லாத தொடருக்கு எப்படி ஒரு கூடுதல் கிடைக்கிறது?

எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே நடையையே வைத்துக்கொள்கிறேன். நீங்கள் சுவரிலிருந்து 4 மீட்டர் தூரத்தில் நிற்கிறீர்கள். முதல் நடையில் பாதி தூரம், அதாவது 2 மீட்டர். அடுத்து, மீதியிருப்பதில் பாதி, 1 மீட்டர். அப்புறம் 0.5, அதன்பின் 0.25, இப்படியே. ஒவ்வொரு தடவையும் மீதியில் சரியாகப் பாதி, அதைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

முடிவே இல்லாமல் எண்களைக் கூட்டிக்கொண்டே போனால் விடையும் முடிவில்லாமல்தானே போகணும்?

பெரும்பாலானவர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான், எனக்கும் பள்ளியில் படித்தபோது அப்படித்தான் தோன்றியது. உறுப்புகளின் எண்ணிக்கை வேறு, அவற்றின் மொத்த அளவு வேறு, ஆனால் பேச்சுவழக்கில் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துவிடுகிறோம். ஆயிரம் பேர் ஆளுக்கு ஒரு மீட்டர் கயிறு கொடுத்தால் ஆயிரம் மீட்டர் ஆகும், ஏனென்றால் எல்லோரும் ஒரே அளவு கொடுக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு நடையும் முந்தைய நடையில் பாதிதான்.

நடந்த தூரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது. மீதியிருக்கும் தூரத்தைப் பாருங்கள். முதல் நடைக்குப் பிறகு நடந்தது 2, மீதி 2. இரண்டாவதற்குப் பிறகு நடந்தது 3, மீதி 1. மூன்றாவதற்குப் பிறகு நடந்தது 3.5, மீதி 0.5. நடந்ததையும் மீதியையும் கூட்டினால் எப்போதும் 4 வரும், ஏனென்றால் சுவர் நகரவில்லை. மீதி ஒருபோதும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது, மீதியில் பாதியைத்தானே எடுக்கிறோம், மீதியைவிட அதிகமாக எடுக்க வழியே இல்லை. ஆகவே நடந்த தூரம் 4-ஐத் தாண்டவே முடியாது. எத்தனை கோடி நடை நடந்தாலும் சரி. கூடுதல் முடிவில்லாமல் வளர்வதற்கு இடமில்லை என்பது இதிலேயே முடிந்துவிட்டது.

சரி, 4-ஐத் தாண்டாது. ஆனா சரியா 4 என்று எப்படிச் சொல்றீங்க? 3.999-லேயே எங்கேயாவது நின்னுடலாமே?

நல்ல கேள்வி, ஏனென்றால் 'தாண்டாது' என்பது பாதி நிரூபணம்தான். கூடுதல் 5-ஐயும் தாண்டாது, 100-ஐயும் தாண்டாது, அதனால் விடை 100 என்று யாரும் சொல்வதில்லை.

உங்கள் 3.999-ஐயே எடுத்துக்கொள்வோம். கூடுதல் அங்கே நின்றுவிடுகிறது என்றால், சுவருக்கு முன்னால் 1 மில்லிமீட்டர் இடைவெளி எப்போதும் பாக்கி இருக்க வேண்டும். மீதி எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்க்கலாம். n நடைகளுக்குப் பிறகு மீதி

```
4 / 2^n  மீட்டர்
```

பத்தாவது நடைக்குப் பிறகு 4-ஐ 1024-ஆல் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட 3.9 மில்லிமீட்டர். பன்னிரண்டாவது நடை முடிந்ததும் 4-ஐ 4096-ஆல் வகுத்தால் 0.977 மில்லிமீட்டர். அதாவது 1 மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டோம், 3.999-ஐத் தாண்டிவிட்டோம். அப்படியானால் 3.999 விடையாக இருக்க முடியாது. 3.999999 என்று சொல்லிப் பாருங்கள், 22-வது நடையில் அதையும் தாண்டியிருப்போம். 4-க்குக் குறைவாக நீங்கள் எந்த எண்ணைச் சொன்னாலும், அதைத் தாண்டும் நடை எத்தனையாவது என்று நான் சொல்லிவிடுவேன். நீங்கள் எண்ணைச் சொன்ன பிறகுதான் நான் நடையைச் சொல்கிறேன், அந்த வரிசை முக்கியம்.

ஆக, 4-க்கு மேலே உள்ள எந்த எண்ணும் விடையில்லை, ஏனென்றால் கூடுதல் 4-ஐயே தாண்டாதபோது அந்த எண்களின் அருகில்கூடப் போவதில்லை. 4-க்குக் கீழே உள்ள எந்த எண்ணும் விடையில்லை, ஏனென்றால் கூடுதல் அதைத் தாண்டிப் போய்விடும், திரும்பி வராது. மிஞ்சுவது 4 மட்டும்.

ஒருமுறை நடைக்கூடத் தரையில் 4 மீட்டர் அளந்து, ஒவ்வொரு நடைக்கும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். முதல் நான்கு கோடுகள் தாராளமாக விலகி நின்றன. ஐந்தாவது, சுவரிலிருந்து 12.5 சென்டிமீட்டர். எட்டாவது கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே விரல் ஒன்று நுழையும் அளவுக்கு, ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருந்தது. ஒன்பதாவதைப் போட முயன்றபோது மீதி 8 மில்லிமீட்டருக்கும் குறைவு, சாக்பீஸின் தடிமனே கிட்டத்தட்ட அவ்வளவு இருந்ததால் கோடு சுவரிலேயே ஏறிவிட்டது. முடிவில்லாத நடைகளில் ஒன்பதே ஒன்பதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தன, மிச்சம் அத்தனையும் அந்த ஒரு கோட்டின் தடிமனுக்குள் அடங்கிவிட்டன. சூத்திரம் படித்தபோது புரியாதது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

'நெருங்குகிறது' என்பதும் 'சமம்' என்பதும் ஒன்றா? நெருங்கத்தானே செய்யுது, சமமாகவே இல்லையே?

இரண்டு பொருள்களைப் பிரித்து வைத்தால் குழப்பம் போய்விடும். எண்ணி முடிக்கக்கூடிய அளவு நடைகளுக்குப் பிறகு வரும் கூடுதலுக்குப் பகுதிக் கூடுதல் என்று பெயர். 2, 3, 3.5, 3.75 என்று போகும் இந்தப் பகுதிக் கூடுதல்கள் நெருங்குகின்றன, இவற்றில் ஒன்றுகூட 4-க்குச் சமமில்லை, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி.

முடிவில்லாத தொடரின் கூடுதல் என்பது இந்த வரிசையில் உள்ள எதுவும் அல்ல. அது அந்த வரிசை எந்த எண்ணை நோக்கிப் போகிறதோ அந்த எண், அதாவது எல்லை. முடிவில்லாத எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டி முடிக்க யாராலும் முடியாது, அதனால் 'முடிவில்லாமல் கூட்டுதல்' என்பதற்குத் தனியாக ஒரு பொருள் வரையறுக்க வேண்டியிருந்தது, கணிதத்தில் தேர்ந்தெடுத்த பொருள் இதுதான். பிரெஞ்சுக் கணிதவியலர் கோஷி 1821-ல் வெளியிட்ட பாடநூலில் தொடரின் கூடுதலை இப்படி எல்லையாகவே வரையறுத்தார். அந்த எல்லை 4-ஐ நெருங்கிக்கொண்டிருக்கவில்லை. எல்லை என்பது நகரும் பொருளல்ல, அது ஒரு எண். அந்த எண் 4. அதனால் இங்கே சமக்குறி போடுவது தோராயமும் அல்ல, சலுகையும் அல்ல.

அப்போ கடைசி நடை எது?

கடைசி நடை என்று ஒன்று இல்லை. எந்த நடையைக் காட்டினாலும் அதற்குப் பிறகும் மீதி இருக்கிறது, அந்த மீதியில் பாதியும் இருக்கிறது. கூடுதல் இருப்பதற்குக் கடைசி உறுப்பு இருக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் இது புதிராகத் தெரிகிறது, மேலே சொன்ன வரையறையில் கடைசி உறுப்பு எங்கேயும் வரவில்லை.

ஆனால் நிஜத்தில் நடந்து போய் சுவரைத் தொட்டுடுறோமே? முடிவில்லாத நடைகளை எப்படி முடிச்சோம்?

கி.மு. 5-ம் நூற்றாண்டில் எலியாவைச் சேர்ந்த ஜீனோ எழுப்பிய புதிர் இதே வகைதான். அரிஸ்டாட்டில் தன் இயற்பியல் நூலில் எடுத்துச் சொல்லியிருப்பதால் அது நமக்குத் தெரிகிறது. அரிஸ்டாட்டில் கொடுத்த ஒரு பதில்: தூரத்தை எப்படி முடிவில்லாமல் துண்டாக்குகிறோமோ அதேபோல நேரமும் துண்டாகிறது.

இதைக் கணக்காகப் பார்த்துவிடலாம். நிற்காமல், நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நடக்கிறீர்கள். முதல் பாதிக்கு 2 நொடி, அடுத்ததற்கு 1 நொடி, அப்புறம் அரை நொடி, கால் நொடி. நேரங்களும் அதே தொடர்தான், அவற்றின் கூடுதல் 4 நொடி. நான்காவது நொடியில் சுவரைத் தொடுகிறீர்கள். 'பாதி, பாதியில் பாதி' என்பது தூரத்தை நாம் மனதில் வெட்டிக்கொண்ட விதம். உங்கள் கால் ஒவ்வொரு வெட்டிலும் நின்று கணக்குப் பார்ப்பதில்லை.

இப்போது விதியைக் கொஞ்சம் மாற்றுங்கள். ஒவ்வொரு நடை முடிந்ததும் 1 நொடி நின்றுவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்க வேண்டும். தூரங்களின் கூடுதல் மாறவில்லை, அது இன்னமும் 4 மீட்டர்தான். ஆனால் நின்ற நேரங்கள் 1 + 1 + 1 + ... என்று போகின்றன, இதற்கு எல்லையே இல்லை. இந்த விதிப்படி நடந்தால் நீங்கள் உண்மையிலேயே சுவரை எந்தக் காலத்திலும் தொடமாட்டீர்கள். 35-வது நடை முடியும்போது மீதி ஏறத்தாழ ஒரு அணுவின் குறுக்களவு, அதற்கு ஆகியிருக்கும் நேரம் நாற்பது நொடிக்கும் குறைவு, அதற்குப் பிறகும் விதி முடிந்தபாடில்லை. 'தொடவே முடியாது' என்று சொல்பவரும் 'நான் தொட்டேனே' என்று சொல்பவரும் பெரும்பாலும் சண்டை போடுவது இந்த இரண்டு விதிகளில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலிலேயே சொல்லிக்கொள்ளாததால்தான். தூரத்தின் தொடர் ஒன்று, நேரத்தின் தொடர் இன்னொன்று. இரண்டையும் தனித்தனியே கூட்டிப் பார்க்க வேண்டும். (அணு அளவுக்குக் கீழே போனால் சுவர், கால், தொடுதல் எல்லாவற்றுக்கும் பொருள் மாறிவிடும் என்பது உண்மை, ஆனால் அது இயற்பியலின் கேள்வி, தொடரின் கூடுதலை அது பாதிப்பதில்லை.)

பாதிக்குப் பதிலா மீதியில் மூணில் ஒரு பங்கு, இல்லை பத்தில் ஒரு பங்குன்னு நடந்தா?

அப்போதும் கூடுதல் 4 மீட்டர்தான். இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மீதியில் பத்தில் ஒரு பங்கு நடந்தால், பத்தில் ஒன்பது பங்கு மீதி. அடுத்து அதில் பத்தில் ஒன்பது. மீதி ஒவ்வொரு முறையும் 0.9-ஆல் பெருக்கப்படுகிறது, அதனால் அதுவும் பூஜ்யத்தை நோக்கியே போகிறது. மாறுவது வேகம் மட்டும். 1 மில்லிமீட்டருக்குள் வர, பாதிப் பாதியாக நடந்தால் 12 நடைகள் போதும். பத்தில் ஒரு பங்கு என்றால் 79 நடைகள். நூற்றில் ஒரு பங்கு என்றால் 826. ஆனாலும் வந்துவிடும்.

பாடப்புத்தகத்தில் வரும் சூத்திரம் இதற்குள்ளேயே இருக்கிறது. சுவர் 1 அலகு தூரத்தில் இருக்கட்டும், ஒவ்வொரு நடைக்குப் பிறகும் மீதி r மடங்கு ஆகட்டும், r பூஜ்யத்துக்கும் 1-க்கும் இடையில். அப்படியானால் முதல் நடை 1 − r. இரண்டாவது நடை, மீதியான r-இல் அதே பங்கு, (1 − r)r. மூன்றாவது (1 − r)r². எல்லாம் சேர்ந்து சுவர் வரை, அதாவது 1:

```
(1 − r)(1 + r + r² + r³ + ...) = 1
1 + r + r² + r³ + ... = 1 / (1 − r)
```

முதல் உறுப்பு a என்றால் இதை a-ஆல் பெருக்க a / (1 − r). நம் நடையில் a = 2, r = 1/2, விடை 4. சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள் கீழே இருக்கும் 1 − r எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தடுமாறுவார்கள். மீதியில் ஒவ்வொரு முறையும் நடக்கும் பங்குதான் அது.

மீதியில் பத்தில் ஒன்பது பங்கு நடந்தால்? 1 அலகுச் சுவருக்கு நடைகள் 0.9, 0.09, 0.009. கூடுதல் 0.999..., சுவரோ 1-ல் இருக்கிறது. 0.999... = 1 என்று சொன்னால் நம்ப மறுப்பவர்கள், இந்தப் பாதிப் பாதியான நடையை ஒப்புக்கொண்டிருந்தால் அதையும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், இரண்டும் ஒரே கணக்கு.

அப்போ நடைகள் சின்னதாகிக்கிட்டே போனாலே போதும், கூடுதல் கிடைச்சுடும், சரிதானே?

இல்லை, அதிகமாக நடக்கும் தவறு இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

சுவர் 1 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. இந்தத் தடவை மீதியைப் பார்க்காமல், முதல் நடை 1/2 மீட்டர், இரண்டாவது 1/3, மூன்றாவது 1/4, நான்காவது 1/5 என்று நடக்கிறீர்கள். நடைகள் சிறிதாகிக்கொண்டே போகின்றன, பூஜ்யத்தையும் நெருங்குகின்றன. ஆனால் 1/2 + 1/3 + 1/4 என்பது 13/12. மூன்றாவது நடையிலேயே சுவரில் மோதிவிட்டீர்கள்! சரி, சுவரைத் தள்ளி வைக்கலாம் என்றால் எவ்வளவு தூரம் தள்ளினாலும் போதாது. காரணத்தை 14-ம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் ஒரேம் காட்டிவிட்டார். 1/3-ம் 1/4-ம் சேர்ந்தால் 1/2-ஐவிட அதிகம், ஏனென்றால் இரண்டு கால் சேர்ந்தாலே அரை. 1/5 முதல் 1/8 வரை நான்கு உறுப்புகள், ஒவ்வொன்றும் குறைந்தது 1/8, அதனால் அவையும் சேர்ந்து 1/2-ஐவிட அதிகம். அடுத்த எட்டு உறுப்புகள், அடுத்த பதினாறு உறுப்புகள் என்று கூட்டம் கூட்டமாக எடுத்தால் ஒவ்வொரு கூட்டமும் அரை மீட்டருக்கு மேல் தருகிறது, கூட்டங்களுக்கோ முடிவில்லை. இது இசைத் தொடர், கூடுதலுக்கு எல்லை இல்லாத விரியும் தொடர்.

வித்தியாசம் எங்கே? நம் நடை போன்ற பெருக்குத் தொடரில் ஒவ்வொரு உறுப்பும் முந்தையதை ஒரே விகிதத்தால் பெருக்கினால் வருவது, அந்த விகிதம் 1-க்குக் கீழே நிலையாக நிற்கிறது. இசைத் தொடரில் அடுத்தடுத்த உறுப்புகளின் விகிதம் 2/3, 3/4, 4/5 என்று 1-ஐ நோக்கி ஏறிக்கொண்டே போகிறது. போகப்போக நடைகள் குறைவதையே கிட்டத்தட்ட நிறுத்திவிடுகின்றன. உறுப்புகள் பூஜ்யத்தை நோக்கிப் போவது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது.

S = 2 + 1 + 0.5 + ... என்று வைத்து, இரண்டால் பெருக்கி, கழித்து S = 4 என்று கண்டுபிடிக்கலாமே? அது சரியான நிரூபணமா?

விடை சரி, ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. 2S = 4 + 2 + 1 + ... = 4 + S, அதனால் S = 4. இதே வித்தையை 1 + 2 + 4 + 8 + ... என்ற தொடரில் செய்து பாருங்கள். S = 1 + 2S, அதனால் S = −1. எல்லாம் கூட்டல் எண்கள், விடை கழித்தல் எண்! S என்று ஒரு எண் இருக்கிறது என்று முதலிலேயே எடுத்துக்கொண்டதுதான் தவறு. S இருக்கிறதா என்பது வேறு வழியில் தெரிந்த பிறகுதான் இந்தக் கழித்தல் செல்லும். நம் நடையில் அது இருக்கிறது என்று மீதியை வைத்து முன்பே பார்த்துவிட்டோம்.

கி.மு. 3-ம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் பரவளையத்தின் பரப்பைக் கணக்கிட்டபோது இந்த விஷயத்தில் மிகவும் கவனமாக இருந்தார். அவருக்குத் தேவைப்பட்டது 1 + 1/4 + 1/16 + ... என்ற தொடர். அவர் முடிவில்லாத கூட்டலைப் பற்றிப் பேசவே இல்லை. எங்கே நிறுத்தினாலும், கடைசியாகக் கூட்டிய உறுப்பில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்தால் சரியாக 4/3 வரும் என்று காட்டினார். 1 + 1/4 + 1/16 = 21/16, கடைசி உறுப்பில் மூன்றில் ஒரு பங்கு 1/48, இரண்டும் சேர்ந்து 64/48, அதாவது 4/3. சுவருக்கு எவ்வளவு மீதி என்பதைத்தான் அவரும் கூடவே எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.

கணினியில் கூட்டிப் பார்த்தேன், சரியா 1 வந்துடுச்சு. அப்போ இது நிரூபணம்தானே?

1 மீட்டர் சுவருக்கு இப்படி எழுதியிருப்பீர்கள்:

```python
s = 0.0
a = 0.5
n = 0
while s < 1.0:
    s = s + a
    a = a / 2
    n = n + 1
print(n, s)
```

இது `54 1.0` என்று அச்சிடும். ஆனால் 54 நடைகளுக்குப் பிறகும் உண்மையான மீதி பூஜ்யமில்லை. வழக்கமான மிதவைப்புள்ளி எண்ணில் 53 இருமை இலக்கங்களுக்குத்தான் இடம். 53-வது நடை வரை கூடுதல் துல்லியமாகப் பொருந்தி நிற்கிறது, 54-வதில் இடம் போதாமல் கணினி 1-க்கு முழுமையாக்கிவிடுகிறது. விடை பொருந்தியது இலக்கங்கள் தீர்ந்துபோனதால்.

இது ஆபத்தானது என்று தெரிய, இசைத் தொடரை 1-லிருந்து தொடங்கி 32 பிட் எண்களில் கூட்டிப் பாருங்கள். சுமார் 20 லட்சம் உறுப்புகளுக்குப் பிறகு கூடுதல் 15.4 அருகே அப்படியே நின்றுவிடும், எத்தனை மணி நேரம் ஓடவிட்டாலும் நகராது. அடுத்த உறுப்பு அவ்வளவு சிறியதாகிவிட்டதால் கூட்டினாலும் பதிவாவதில்லை. கூடுதல் கிடைக்கும் குவியும் தொடரும் நிற்கிறது, விரியும் தொடரும் நிற்கிறது, திரையைப் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது.

விகிதம் மைனஸில் இருந்தா? முன்னாடி போய், பின்னாடி வந்து?

4 மீட்டர் முன்னால், 2 பின்னால், 1 முன்னால், 0.5 பின்னால் என்று நடந்தால் விகிதம் −1/2. நிற்கும் இடங்கள் 4, 2, 3, 2.5, 2.75 என்று வருகின்றன, இரண்டு பக்கமிருந்தும் ஒரு புள்ளியை நோக்கி நெருக்குகின்றன. அதே சூத்திரத்தில் 4-ஐ 1.5-ஆல் வகுத்தால் 8/3, கிட்டத்தட்ட 2.67 மீட்டர். இங்கே முன்னால் சுவர் தேவையில்லை, ஒவ்வொரு முன்நடையையும் பின்நடையையும் பாதியாக்குவதே பிடித்து நிறுத்துகிறது. ஆனால் 4 முன்னால், 4 பின்னால், 4 முன்னால் என்று போனால் விகிதம் −1, நிற்கும் இடம் 4-க்கும் 0-க்கும் மாறிமாறித் தாவும். கூடுதல் எங்கும் ஓடிப்போகவில்லை, 4-ஐத் தாண்டவும் இல்லை, ஆனாலும் அதற்கு எல்லை கிடையாது.